மாசக் கடைசித் தேதி எக்செலில் 28-இல் மாட்டிக்கொள்வது ஏன்?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் எங்களுக்கு மூணு கடை வாடகைக்கு விட்டிருக்கு. எல்லாம் 11 மாச அக்ரிமெண்ட். முதல் கடைக்கு 31-01-2025-இல் ஆரம்பம், ரெண்டாவது 30-04-2025, மூணாவது 28-02-2025. முதல் ரெண்டு பேரும் மாசக் கடைசியில் தரணும், மூணாவது ஆள் மாசாமாசம் 30-ஆம் தேதி தருவார். EDATE போட்டுக் கீழே இழுத்தா பிப்ரவரிக்கு 28 வருது, அப்புறம் எல்லா மாசமும் 28-லேயே நிக்குது. எப்படிச் சரி பண்றது?

பதில்:

உங்கள் ஷீட்டில் அநேகமாக ஒவ்வொரு வரியும் மேல் வரியைப் பார்த்து எண்ணுகிறது. B5-இல் இப்படி இருக்கும்:

```
=EDATE(B4,1)
```

தேதியை எத்தனை மாதம் தள்ளச் சொல்கிறோமோ அத்தனை மாதம் EDATE தள்ளும். போய்ச் சேரும் மாதத்தில் அந்த நாள் இல்லையென்றால் அந்த மாதத்தின் கடைசி நாளில் நின்றுவிடும். அதனால் ஜனவரி 31 பிப்ரவரி 28 ஆகிறது, அதுவரை சரி. அடுத்த வரிக்குக் கிடைப்பதோ வெறும் 28-02-2025 தான். அது 31-இலிருந்து இறங்கி வந்த 28 என்பது அந்த செல்லுக்குத் தெரிய வழியில்லை. 28 எல்லா மாதத்திலும் உண்டு, எனவே மார்ச் 28, ஏப்ரல் 28 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு தடவை இறங்கிய தேதி மறுபடி ஏறாது.

மேல் வரியை விட்டுவிட்டு ஆரம்பத் தேதியிலிருந்தே எண்ணுங்கள். A4-இலிருந்து கீழே 0, 1, 2 என்று 10 வரை தவணை எண் போடுங்கள். மூன்று கடைகளின் ஆரம்பத் தேதிகளும் வரிசையாக B1, C1, D1-இல் இருக்கட்டும்.

```
=EDATE(B$1,$A4)
```

இதை இழுத்தால் 31-01, 28-02, 31-03, 30-04, 31-05 என்று வரும். ஒவ்வொரு வரியும் 31-ஐயே பார்ப்பதால் பிப்ரவரியின் குறை மார்ச்சுக்குத் தொற்றாது. முதல் கடைக்கு இதுவே போதும்.

இரண்டாவது கடைக்கு இது போதாது. 30-04-2025 ஏப்ரலின் கடைசி நாள். ஆனால் EDATE அதை "30" என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். மே மாதத்துக்கு 30-05 தான் கொடுக்கும். அங்கே உங்களுக்கு வேண்டியது 31-05. மாதக் கடைசிதான் வேண்டும் என்றால் அதற்கென்றே EOMONTH இருக்கிறது. ஆரம்பத் தேதி மாதத்தின் எந்த நாளாக இருந்தாலும் அது கவலைப்படாது. எண்ணிப் போய்ச் சேர்ந்த மாதத்தின் கடைசி நாளைக் கொடுக்கும்.

```
=EOMONTH(C$1,$A4)
```

தவணை எண் 0 என்றால் அதே மாதக் கடைசி, -1 என்றால் போன மாதக் கடைசி. போன மாதக் கடைசியோடு 1 கூட்டினால் இந்த மாத முதல் தேதி. இந்த ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு இடத்தில் உதவும்.

மூன்றாவது கடைதான் உண்மையில் சிக்கல். ஆரம்பம் 28-02-2025. EDATE போட்டால் எப்போதும் 28, EOMONTH போட்டால் 31-03 என்று ஆகிவிடும். அவர் தருவதோ 30-ஆம் தேதி. அந்த 30 என்ற விவரம் ஆரம்பத் தேதியில் எங்குமே இல்லை, பிறகு எந்த ஃபார்முலா அதைக் கண்டுபிடிக்கும்? வாடகை நாளைத் தனி செல்லில் எழுதிவைப்பதுதான் வழி. ஆரம்பத் தேதிக்குக் கீழே, 2-ஆம் வரியில் போடுங்கள். மாதக் கடைசி என்று பேசியிருந்தால் 31 என்று எழுதுங்கள். ஆக B2-இல் 31, C2-இல் 31, D2-இல் 30. பிறகு B4-இல் இதைப் போட்டு வலப்பக்கமும் கீழேயும் இழுக்கலாம்:

```
=MIN(EOMONTH(B$1,$A4-1)+B$2,EOMONTH(B$1,$A4))
```

முதல் பாதி, முந்தைய மாதக் கடைசியோடு வாடகை நாளைக் கூட்டுகிறது. இரண்டாம் பாதி, அந்த மாதம் எங்கே முடிகிறது என்று சொல்கிறது. இரண்டில் முந்தியது எதுவோ அதை MIN எடுக்கும். மூன்றாவது கடைக்குப் போட்டுப் பாருங்கள். தவணை 0-இல் ஜனவரி 31-உடன் 30 நாள் கூட்டினால் 02-03-2025 வருகிறது. பிப்ரவரி முடிவது 28-02-2025. MIN அதையே கொடுக்கும். தவணை 1-இல் பிப்ரவரி 28-உடன் 30 கூட்டினால் 30-03-2025, மார்ச் முடிவது 31-03, விடை 30-03. மூன்று கடைக்கும் ஒரே ஃபார்முலா, வித்தியாசம் எல்லாம் 2-ஆம் வரியில். வாடகை ஷீட்டுக்கு என்னைக் கேட்டால் EDATE-ஐ விட இதுதான் நல்லது. ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் திறந்து பார்த்தாலும் என்ன பேசியது என்று அந்த வரியிலேயே தெரியும்.

இதையே DATE வைத்துச் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள்:

```
=DATE(YEAR(B$1),MONTH(B$1)+$A4,DAY(B$1))
```

31-01-2025-க்குத் தவணை 1-இல் இது 03-03-2025 கொடுக்கும். DATE மாதக் கடைசியில் நிற்காது. "பிப்ரவரி 31" என்பதை 28-க்குப் பிறகு மூன்று நாள் என்று எண்ணி மார்ச்சுக்குள் போய்விடும். பிப்ரவரிக்கு வாடகையே இல்லாமல், மார்ச்சில் இரண்டு தவணை விழும். கூட்டுத்தொகை சரியாகவே இருப்பதால் இது சட்டென்று கண்ணில் படாது.

அக்ரிமெண்ட் முடியும் தேதிக்கு மட்டும் EDATE-ஏ சரி. ஆனால் கடைசியில் 1 கழிக்க வேண்டும்:

```
=EDATE(B1,11)-1
```

முதல் கடைக்கு EDATE 31-12-2025 என்று தரும்; அது பன்னிரண்டாவது மாதத்தின் முதல் நாள். ஒன்று கழித்தால் 30-12-2025, அன்றோடு 11 மாதம் முடிகிறது. கழிக்காமல் விட்டால் பத்திரத்தில் ஒரு நாள் கூடிவிடும்.

இனி, ஃபார்முலா சரியாக இருந்தும் விடை வேறு மாதிரி வந்தால். 45716 மாதிரி ஒரு எண் வந்தால் பயப்பட வேண்டாம், அது 28-02-2025 தான். எக்செல் தேதியை நாள் எண்ணிக்கையாக வைத்திருக்கிறது; Ctrl+1 அழுத்தி Date என்று மாற்றினால் போதும். #VALUE! வந்தால் ஆரம்பத் தேதி எழுத்தாக உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில், மாதம் முதலில் வரும்படி இருந்தால், 31-01-2025 என்று அடித்ததை அது தேதியாக ஏற்காது. செல்லின் இடப்பக்கம் ஒட்டி நிற்பதை வைத்தே கண்டுபிடிக்கலாம். இதைவிட மோசம் 05-04-2025 போன்றது. பிழை காட்டாமல் மே 4 ஆகிவிடும். அந்த செல்லுக்கு dd-mmm-yyyy ஃபார்மேட் கொடுத்துப் பார்த்தால் மாதத்தின் பெயர் தெரிந்துவிடும். ஆரம்பத் தேதி மூன்றே மூன்று என்பதால் கையால் இப்படி அடித்துவிடுவது நிம்மதி:

```
=DATE(2025,1,31)
```

வந்த வாடகையை மாதவாரியாகக் கூட்டும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. பேங்க் ஸ்டேட்மெண்டை இறக்கினால் சில சமயம் தேதியோடு நேரமும் சேர்ந்து வரும். மார்ச் 31 மாலை 6.40-க்கு வந்த பணம் எக்செலுக்கு 45747.78 மாதிரி. EOMONTH கொடுப்பதோ வெறும் 45747, அதாவது 31-ஆம் தேதி பிறந்த நள்ளிரவு. "<=" போட்டால் அன்றைக்கு வந்த பணம் முழுக்க விட்டுப்போகும். மாதக் கடைசியில் வாடகை வாங்கும் உங்களுக்கு இது நேராகக் கையைக் கடிக்கும். மறுநாளை எல்லையாக வைத்து "<" போடுங்கள். H நெடுவரிசையில் தேதி, J-இல் தொகை, F1-இல் அந்த மாதத்தின் ஏதாவது ஒரு தேதி இருப்பதாக வைத்தால்:

```
=SUMIFS(J:J,H:H,">="&EOMONTH(F1,-1)+1,H:H,"<"&EOMONTH(F1,0)+1)
```

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையானால் முந்தைய நாளே வாங்கிவிடுவீர்கள் என்றால், B4-இல் வந்த தேதியை வைத்துப் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசை போடலாம்:

```
=WORKDAY.INTL(B4+1,-1,11)
```

அந்த 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறி. உங்கள் 11 மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 31-08-2025 ஞாயிறு, அது 30-08-2025 சனிக்கிழமையாக மாறும். ஓணம், பொங்கல் விடுமுறைகளை ஒரு பட்டியலாக எழுதி அந்த ரேஞ்சை நான்காவதாகக் கொடுத்தால் அவற்றையும் தாண்டிப் போகும்.

உங்கள் பாலக்காட்டுப் பக்கம் சிலர் தமிழ் மாதத்தில் ஆவணி ஒன்று, மலையாள மாதத்தில் சிங்கம் ஒன்று என்று மாதம் பேசி வாடகை வைப்பதுண்டு. அதற்கு இந்த ஃபார்முலா எதுவும் உதவாது. EDATE-க்கும் EOMONTH-க்கும் தெரிந்தது ஆங்கில மாதம் மட்டும். நம் மாதங்கள் 29 முதல் 32 நாள் வரை மாறும். அப்படி யாராவது இருந்தால் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து 11 தேதியையும் கையால் எழுதிவிடுங்கள்.