சென்னையில் இறங்கி வைகையைப் பிடிக்க மூன்று மணி நேரம் போதுமா?

கேள்வி: ஐயா, மகன் துபாயில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். போகி அன்று காலை 10.40க்கு விமானம் சென்னையில் இறங்குகிறது. அன்றைக்கே எழும்பூரில் 1.45க்குக் கிளம்பும் வைகையில் மதுரைக்கு டிக்கெட் போட்டு, உறுதியாகியும் விட்டது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "மூன்று மணி நேரம் இருக்கிறதே, தாராளம்" என்கிறார். எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பொங்கல் பானை வைக்கும்போது அவன் வீட்டில் இருக்க வேண்டும். மாட்டுப் பொங்கல் அன்று எங்கள் ஊர் ஜல்லிக்கட்டையும் பார்க்க வேண்டும் என்கிறான். விமானம் தாமதமாகி ரயிலை விட்டுவிட்டால் விமானக் கம்பெனி பணம் தருமா?
- ஒரு தாயார், பாலமேடு

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் சரிதான். அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி விமான நிலையத்துக்குள்ளேயே கரைந்துவிடும். அன்றைய காலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

விமானம் சொன்ன நேரத்துக்கே வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவு திறந்து, முன்னால் இருப்பவர்கள் பையை எடுத்து இறங்கி, நீண்ட நடை நடந்து இமிக்ரேஷன் வரிசைக்கு வரும்போது 11 மணி. பண்டிகைக்கு ஊர் திரும்பும் கூட்டத்தில் பாஸ்போர்ட் முத்திரை விழ முக்கால் மணி நேரம் ஆகும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இன்னும் இரண்டு விமானங்கள் இறங்கியிருந்தால் அதற்கு மேலும் ஆகும். அப்புறம் லக்கேஜ் பெல்ட், கஸ்டம்ஸ். வளைகுடாவிலிருந்து வருகிறவர் கைப்பையோடு வருவதில்லை. பெட்டி வந்து சேரும் வரை நின்றுதான் ஆக வேண்டும். இதற்கு 40 நிமிடம். வாசலுக்கு வெளியே வரும்போது 12.25. அங்கிருந்து மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, வண்டி பிடித்து, எழும்பூரில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு பிளாட்பாரம் சேர ஒரு மணி நேரம். மணி 1.25.

ஆக, உங்கள் மகன் கையில் மிஞ்சுவது 20 நிமிடம்தான். அதுவும் விமானம் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காவிட்டால். வரி கட்ட வேண்டிய பொருள் ஏதாவது பெட்டியில் இருந்து, கஸ்டம்ஸில் சிவப்பு வழியாகப் போக நேர்ந்தால் அந்த 20 நிமிடமும் போய்விடும்.

போகி நாள் என்பதையும் யோசிக்க வேண்டும். அன்று விடியற்காலையில் சென்னை முழுக்கப் பழைய பொருட்களை எரிப்பார்கள்; அந்தப் புகை மார்கழிப் பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மூடிவிடும். 2018 போகி அன்று இதனால் பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பத்தரை மணிக்குள் புகை விலகிவிடலாம். ஆனால் காலையில் இறங்க முடியாமல் போன விமானங்கள் பின்னால் வருகிறவற்றோடு சேர்ந்து வரிசைகட்டும். இமிக்ரேஷனிலும் அந்தக் கூட்டம் ஒன்றாக வந்து நிற்கும்.

சரி, என்ன செய்யலாம்? கையில் இருக்கும் டிக்கெட்டையே வைத்துக்கொண்டு ஏறும் நிலையத்தை மட்டும் தாம்பரம் என்று மாற்றினால் நிலைமை நிறையவே மாறும். வைகை தாம்பரத்தில் நிற்கும். எழும்பூரிலிருந்து அங்கே வந்து சேரச் சுமார் 25 நிமிடம் ஆகும். விமான நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பெட்டிகளோடு அங்கே போய், மின்சார ரயிலுக்குக் காத்திருந்து, தாம்பரம் சேர முக்கால் மணி நேரம் போதும். 12.25க்கு வெளியே வந்தால் 1.10க்குத் தாம்பரம். வைகை அங்கே வருவது 2.10 வாக்கில். 20 நிமிடமாக இருந்த அவகாசம் ஒரு மணி நேரமாகிவிடுகிறது. போகி அன்று ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம், பெருங்களத்தூர் பக்கம் ஊருக்குக் கிளம்பும் வண்டிகள் நெருக்கியடிக்கும். அதனால் டாக்ஸியைவிட மின்சார ரயில்தான் எனக்குச் சரியாகப் படுகிறது, படியில் பெட்டி தூக்குவது சிரமமாக இருந்தாலும்.

இதில் இரண்டு விஷயம் கவனம். வைகைபோல் மதியம் இரண்டு மணிக்குள் கிளம்பும் ரயில்களுக்குச் சார்ட் முந்தின நாள் இரவே தயாராகிவிடுகிறது. விமானத்தை விட்டு இறங்கியபின் செல்போனில் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. மகன் துபாயில் இருக்கும்போதே, சில நாட்களுக்கு முன்பே, ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் மாற்றிவிட வேண்டும். கணக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவருடையது என்றால் அவரிடம் சொல்லிச் செய்யுங்கள். மாற்றாமல், "எழும்பூர் என்று இருந்தால் என்ன, தாம்பரத்தில் ஏறிக்கொள்கிறேன்" என்று நின்றால், டிக்கெட் பரிசோதகர் ஆள் வரவில்லை என்று குறித்து, காத்திருப்போர் பட்டியலில் இருப்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிட முடியும். மாற்றியபின் எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும் என்பது இன்னொன்று. உங்கள் மகனுக்கு அதில் நஷ்டம் இல்லை.

இருந்தாலும் போகி அன்று ஒரு மணி நேரத்தை நம்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எவ்வளவு அவகாசம் வேண்டும் என்பதை, இந்த வண்டி போனால் அடுத்தது எப்போது, அதில் இடம் கிடைக்குமா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாதாரண நாளில் மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்குப் போகிறவர் அவகாசமே விடத் தேவையில்லை. ஒரு பஸ் போனால் அடுத்தது பின்னாலேயே நிற்கும். போகி அன்று சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் அப்படியில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறந்ததுமே இடங்கள் போய்விடும். வைகையை விட்டால் அடுத்த ரயிலில் டிக்கெட் கேட்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் இன்னும் பிந்திப் புறப்படும் ரயிலில் இடம் கிடைக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பிற்பகல் இரண்டே முக்கால் வாக்கில் எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் வந்தே பாரத் தாம்பரத்திலும் நிற்கிறது, மதுரையிலும் நிற்கிறது. அதில் தாம்பரத்தில் ஏறினால் அவகாசம் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். போகி இரவே வீடு வந்துவிடுவான். கட்டணம் கூடுதல், வாரத்தில் எல்லா நாளும் ஓடுவதுமில்லை. போகி என்ன கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இடமில்லை என்றால் இரவு பாண்டியன். ஒன்பதரை மணிக்கு மேல் எழும்பூரில் கிளம்பி விடியற்காலையில் மதுரை வந்துவிடும். ஜங்ஷனுக்குக் கார் அனுப்பினால் பானை பொங்குவதற்குள் பாலமேட்டில் இருப்பான். விமானம் ஐந்து, ஆறு மணி நேரம் தாமதித்தாலும் இந்த ரயில் தவறாது. பகல் முழுக்கச் சென்னையில் காத்திருப்பது அலுப்புத்தான். பெட்டிகளைப் பூட்டி எழும்பூர் கிளோக் ரூமில் போட்டுவிட்டு, தெரிந்தவர் வீட்டில் குளித்துச் சாப்பிட்டுப் படுத்து எழலாம். பிள்ளை பொங்கலுக்கு வந்து சேர வேண்டும் என்று நீங்கள் இவ்வளவு கவலைப்படும்போது, நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

எந்த ரயிலிலும் இடம் கிடைக்காவிட்டால் வைகையைத் தாம்பரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, அது தவறினால் கிளாம்பாக்கம் போகலாம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்மாவட்டப் பஸ்கள் இப்போது அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பொங்கலுக்குச் சிறப்புப் பஸ்களும் விடுவார்கள். நெரிசலில் மாட்டினாலும் மறுநாள் காலைக்குள் மாட்டுத்தாவணி வந்துவிடலாம். ஆனால் அந்த பஸ்ஸுக்கும் முன்கூட்டியே ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குச் சீட்டுப் போட்டு வைக்காதீர்கள். தவறவிட இன்னொரு டிக்கெட் சேரும், அவ்வளவுதான்.

இனி பணத்துக்கு வருவோம். விமான டிக்கெட் ஒரு கம்பெனியோடு செய்த ஒப்பந்தம். ரயில் டிக்கெட் ரயில்வேயோடு செய்த வேறொரு ஒப்பந்தம். ஒன்று தாமதமானதற்கு மற்றொன்று பொறுப்பேற்காது. 2019 ஏப்ரல் முதல் ரயில்வேயில் ஒரு வசதி இருக்கிறது: இரண்டு ரயில் டிக்கெட்டுகளின் பி.என்.ஆரை இணைத்து வைத்திருந்தால், முதல் ரயில் தாமதித்து இரண்டாவது தவறும்போது போகாத பகுதிக்குக் கட்டணம் திரும்பும். இது ரயிலுக்கும் ரயிலுக்கும் மட்டும்தான். விமானம் தாமதம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டு ரயில்வேயிடம் டி.டி.ஆர். போட்டால் நிற்காது. ரயில் கிளம்புவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தாலும் ஒன்றும் திரும்பாது. எனவே வேறு ரயிலில் இடம் கிடைத்தால் வைகை டிக்கெட்டைச் சீக்கிரமே ரத்து செய்யுங்கள். நாள் அதிகம் இருக்கும்போது பிடித்தமும் குறைவு, அந்த இடத்துக்கு ஏங்கும் இன்னொருவருக்கும் அது போய்ச் சேரும்.

வெளிநாட்டு விமானப் பயணத்துக்கு மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவில் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. தாமதத்தால் பயணிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு விமானக் கம்பெனி பொறுப்பு என்றுதான் அது சொல்கிறது. ஆனால் தாமதத்தைத் தவிர்க்க முடிந்ததையெல்லாம் செய்தோம் என்று கம்பெனி நிரூபித்துவிட்டால் பொறுப்பு விலகிவிடும். பனி, புகை என்றால் அவர்கள் சொல்லப்போவது அதைத்தான். கம்பெனியின் சொந்தக் கோளாறால் தாமதம் என்றால், நுகர்வோர் ஆணையம் வரை போக உங்களுக்கு வழி உண்டு. ஒரு ரயில் டிக்கெட்டுக்காக அவ்வளவு தூரம் அலைவதில் பயன் குறைவு. ஓட்டல், டாக்ஸி என்று செலவு பெருகியிருந்தால் யோசிக்கலாம். அதற்கு மகன் விமான நிலையத்தை விட்டு வெளியே வருமுன் கம்பெனி ஆட்களிடம் தாமதச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும், போர்டிங் பாஸைத் தூக்கிப் போடக் கூடாது. பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அதற்கும் இவை வேண்டும். ஆனால் இணைப்பு தவறினால் பணம் என்று பாலிசியில் எழுதியிருப்பது விமானத்துக்கு விமானம் மட்டுமா, ரயிலும் சேர்த்தா என்று முன்னாலேயே படித்துப் பாருங்கள்.

அடுத்த தடவை மகன் டிக்கெட் போடும்போது துபாயிலிருந்து சென்னை வழியாக மதுரைக்கு ஒரே பி.என்.ஆரில் விமானம் என்ன விலை என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது கம்பெனியின் வேலை. திருச்சியில் இறங்குவது இன்னொரு வழி. பஞ்சப்பூர் பஸ் நிலையம் போனால் மதுரைக்கு அடுத்தடுத்துப் பஸ் இருக்கிறது. முன்பதிவே வேண்டாம், விமானம் எப்போது வந்தாலும் மூன்று மணி நேரத்தில் மாட்டுத்தாவணி.