தீபாவளி ஹேம்பர் போட்டிக்கு விதிமுறை எழுதுவது எப்படி?

*கேள்வி: பிரிக்ஃபீல்ட்ஸில் சின்னப் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். தீபாவளிக்கு ஃபேஸ்புக்கில் 3 ஹேம்பர் கொடுக்க நினைக்கிறோம். "லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, 3 பேரை டேக் பண்ணுங்க, குலுக்கலில் எடுப்போம்" என்று போட்டால் போதுமா?*

போதாது. முதலில் குலுக்கலை விட்டுவிடுங்கள்.

மலேசியாவின் 1952 லாட்டரிச் சட்டம் லாட்டரி என்பதற்குத் தரும் வரையறை மிக அகலமானது. பணமோ பண மதிப்புள்ள பொருளோ அதிர்ஷ்டத்தை வைத்துப் பங்கிடப்படும் போட்டிகளும் அதில் அடங்கும். டிக்கெட் விற்கவில்லை, இலவசம்தானே என்பதை மட்டும் நம்பி இறங்க முடியாது. இங்கே பெரிய நிறுவனங்கள்கூட "20 சொற்களில் வாக்கியத்தை முடிக்கவும்" என்று கேட்பது இதனால்தான். அங்கே வெற்றியைத் தீர்மானிப்பது திறமை.

அதற்காக "மலேசியாவின் தலைநகரம் எது?" என்று கேட்டுவிடாதீர்கள். 400 பேர் சரியாகச் சொல்வார்கள், கடைசியில் அவர்களுக்குள் குலுக்கித்தான் ஆக வேண்டும். பதில்களை ஒப்பிட்டு மதிப்பெண் போடக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். விதியை இப்படி எழுதலாம்:

"'எங்கள் வீட்டு முறுக்குக்குத் தனி ருசி, ஏனென்றால்...' என்ற வாக்கியத்தை 20 சொற்களுக்குள் முடித்து இந்தப் பதிவின் கீழ் கமெண்ட் செய்யவும். தமிழ், மலாய், ஆங்கிலம் எதிலும் எழுதலாம். ஒருவருக்கு ஒரு பதில். கூடுதலாக எழுதினால் முதல் பதிலே கணக்கில் வரும். 2 நடுவர்கள் பொருத்தத்துக்கு 40, புதுமைக்கு 40, மொழிநடைக்கு 20 என மதிப்பெண் இடுவர். சமநிலை வந்தால் புதுமையில் அதிகம் பெற்றவர் வெல்வார்; அதிலும் சமமானால் மூன்றாம் நடுவர் முடிவு செய்வார்."

லைக் எண்ணிக்கையை அளவுகோலாக வைக்கவே வேண்டாம். லைக்கைக் காசு கொடுத்து வாங்கலாம். அப்படி வாங்கியதை நிரூபிக்க உங்களிடம் வழி இருக்காது; உண்மையாக எழுதியவர்தான் ஏமாந்து போவார்.

ஷேர், டேக் இரண்டையும் கட்டாயமாக்கக் கூடாது. சொந்த டைம்லைனையும் நண்பர் தொடர்புகளையும் வைத்துப் போட்டி நடத்துவதை ஃபேஸ்புக்கின் விதியே தடுக்கிறது. பதிவு நீக்கப்பட்டால் வந்த கமெண்டுகளும் அதோடு போய்விடும். "இந்தப் போட்டியை ஃபேஸ்புக் நடத்தவில்லை, ஆதரிக்கவில்லை, அங்கீகரிக்கவில்லை, இது தொடர்பாகப் பங்கேற்பாளர் ஃபேஸ்புக்கைப் பொறுப்பாக்க மாட்டார்" என்ற வரியையும் அந்த விதி கேட்கிறது. இதைச் சேர்க்கத்தான் பலர் மறக்கிறார்கள்.

தகுதி வரியில் "மலேசியர்கள் மட்டும்" என்று போட்டால், இங்கே வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு இடமுண்டா, சிங்கப்பூரில் இருக்கும் மலேசியருக்கு உண்டா என்று கேள்வி வரும். உங்களுக்கு உண்மையில் முக்கியம் ஹேம்பரை எங்கே கொடுப்பது என்பதே. ஆகவே: "போட்டி முடியும் நாளில் 18 வயது நிறைந்து, தீபகற்ப மலேசியாவில் வசிக்கும் எவரும் கலந்துகொள்ளலாம். கடை உரிமையாளர், ஊழியர், நடுவர், இவர்களின் பெற்றோர், துணைவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் கலந்துகொள்ள முடியாது. எதுவும் வாங்கத் தேவையில்லை." வெறுமனே "குடும்பத்தார்" என்று விட்டால், மச்சான் வெல்லும் நாளில் சண்டை வரும்.

முடிவு நேரத்தை "வெள்ளி நள்ளிரவு" என்று எழுதாதீர்கள். அது வியாழன் இரவா வெள்ளி இரவா என்று தெரியாது. தேதியோடு "இரவு 11.59, மலேசிய நேரம்" என்று போடுங்கள். "அதன்பின் திருத்திய கமெண்ட் ஏற்கப்படாது" என்பதையும் சேருங்கள். ஃபேஸ்புக் கமெண்டில் திருத்த வரலாற்றைப் பார்க்க முடியும். ஹேம்பர் தீபாவளிக்கு முன் கைக்குப் போய்ச் சேர, 10 நாள் முன்னதாகவே போட்டியை முடித்துவிடுங்கள்.

பரிசைப் படத்தை நம்பி விடாமல் எழுத்தில் சொல்லுங்கள்: முறுக்கு 500 கிராம், அதிரசம் 12, நெய் உருண்டை 20, மதிப்பு 150 ரிங்கிட், அனுப்பும் செலவு கடையுடையது. அறிவித்த பரிசை அறிவித்தபடி கொடுக்கும் எண்ணமில்லாமல் விளம்பரம் செய்வது 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்" என்று எழுதுவது நியாயமில்லை. "பொருள் கிடைக்காவிட்டால் அதே மதிப்பு அல்லது அதற்கு மேற்பட்ட பலகாரம் தரப்படும்" என்பது போதும்.

வெற்றியாளரின் பெயரையும் முகவரியையும் வாங்கும்போது 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. எதற்காக வாங்குகிறீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது. ஐசி நகல் கேட்காதீர்கள்; ஒரு ஹேம்பரை அனுப்ப அது தேவையே இல்லை.

கடைசியாக, மோசடிக்காரர்களைத் தடுக்க ஒரு எச்சரிக்கை வேண்டும். உங்கள் லோகோவைத் திருடிப் போலிப் பக்கம் திறந்து, கமெண்ட் போட்டவர்களுக்கு "நீங்கள் வென்றீர்கள்" என்று செய்தி அனுப்புவார்கள். அதனால் பதிவின் முதல் வரிகளிலேயே இது இருக்கட்டும்: "வெற்றியாளர் பெயரை இந்தப் பதிவின் கீழ் மட்டுமே அறிவிப்போம். பணம், வங்கிக் கணக்கு எண், டிஏசி எண் எதையும் கேட்க மாட்டோம். வெற்றியாளர் 3 நாளில் பதில் தராவிட்டால் பரிசு அடுத்த மதிப்பெண் பெற்றவருக்குப் போகும்."