முட்டிச் சில்லு நழுவிய பிள்ளை மறுபடி ஆடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மூன்று வாரத்துக்கு முன் பள்ளியில் வாலிபால் ஆடும்போது சட்டென்று திரும்பியதில் முட்டிச் சில்லு விலகிவிட்டது. அவள் காலை நீட்டியதும் தானாகவே உள்ளே போய்விட்டதாம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஸ்கேன் பார்த்த டாக்டர், "உடைந்த துண்டு எதுவும் இல்லை, ஆனால் சில்லு உட்காரும் பள்ளம் ஆழம் குறைவு, வளர்ச்சித் தட்டும் இன்னும் மூடவில்லை" என்றார். அன்றிலிருந்து தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமான பிரேஸ் போட்டிருக்கிறாள். தொடை மெலிந்துவிட்டது. பிரேஸ் இன்னும் எத்தனை நாள்? திரும்ப நழுவுமா? நழுவினால் அந்த இடத்தில் நாங்கள் என்ன செய்வது? – ஒரு தாய், ஈரோடு

பதில்: திரும்ப நழுவுமா என்பதை முதலில் பேசிவிடலாம். முதல் தடவை நழுவியவர்களை மொத்தமாக எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மறுபடி நழுவுகிறது. உங்கள் மகளுக்கு வாய்ப்பு அதைவிடக் கூடுதல். ஆழமில்லாத பள்ளமும், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் மூடாத நிலையும் சேர்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் மறுபடி நழுவுவதாகத்தான் ஆய்வுகள் காட்டுகின்றன. கசப்பான செய்திதான். ஆனாலும் இதைத் தெரிந்துகொண்டு திட்டமிடுவதுதான் சரி.

காரணம் எளிது. தொடை எலும்பின் கீழ்முனையில் முன்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. சறுக்குக் கதவு அதன் தடத்தில் ஓடுவதுபோல், முட்டியை மடக்கி நீட்டும்போது சில்லு அந்தப் பள்ளத்தில் மேலும் கீழும் ஓடுகிறது. முட்டி நன்றாக மடங்கியிருக்கும்போது சில்லு பள்ளத்துக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கும், அசையாது. கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும்போதுதான் ஆபத்து. அப்போது சில்லு பள்ளத்துக்கு மேலே நிற்கும். உள்பக்கத்திலிருந்து அதை இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு லிகமென்ட்தான் பெரிய காவல். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால், தொடைத் தசை சில்லை வெளிப்பக்கமாக இழுக்கிறது, அந்த லிகமென்ட் கிழிகிறது. யாரும் மோத வேண்டியதில்லை. வாலிபால், கபடி, பேட்மின்டன், நடனம் எல்லாவற்றிலும் கதை இதேதான். கிழிந்த லிகமென்ட் ஆறிவிடும், ஆனால் பலருக்குக் கொஞ்சம் தளர்ந்தே ஆறுகிறது. பள்ளமும் ஆழமில்லை என்றால் தாங்க வேறு ஏது?

மறுபடி நடந்தால் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். சில்லு வெளியே இருந்தால் பார்த்தவுடனே தெரியும்: முட்டி பாதி மடங்கிய நிலையில் நின்றுவிடும், முன்பக்கம் சப்பையாகவும், வெளிப்பக்கம் ஒரு கட்டி துருத்திக்கொண்டும் இருக்கும். சில சமயம் உள்பக்கத் தொடை எலும்பு முனை எடுப்பாகத் தெரிவதால், சில்லு உள்பக்கம் போய்விட்டது என்று நினைத்து அதை வெளியே தள்ளப் பார்ப்பவர்கள் உண்டு. சில்லு நழுவுவது அநேகமாக எப்போதும் வெளிப்பக்கம்தான். அதனால் எந்தப் பக்கமும் யாரும் தள்ள வேண்டாம், காலைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். சில்லின் உட்புறம் வழவழப்பான குருத்தெலும்பு. வலுக்கட்டாயமாகத் தள்ளும்போது அது தொடை எலும்பின் விளிம்பில் உரசி, ஒரு துண்டு பெயர்ந்துவிடக்கூடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். படுக்கவைக்காமல் நிமிர்ந்து உட்காரவையுங்கள். இடுப்பு மடங்கியிருந்தால் தொடையின் முன்தசை தளரும். முட்டி எந்த நிலையில் நிற்கிறதோ அதே நிலையில் அடியில் தலையணையோ பள்ளிப் பையோ வைத்துத் தாங்குங்கள். பயம் அடங்கி, மூச்சு சீராகி, அவளே மெதுவாகக் காலை நீட்ட முடிந்தால் பெரும்பாலும் சில்லு தானாக உள்ளே போய்விடும். போகவில்லை என்றால் அப்படியே மருத்துவமனைக்கு. மயக்க மருந்து தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவசரம் காட்டுங்கள். பாதம் ஜில்லென்று வெளுத்துப்போனாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ அது சில்லு மட்டும் நழுவிய கதையாக இல்லாமல் இருக்கலாம். முழங்கால் மூட்டே விலகி ரத்தக்குழாய் நசுங்கியிருக்கக்கூடும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தானாக உள்ளே போய்விட்டாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஓரிரு மணி நேரத்திலேயே முட்டி பந்துபோல் வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று பொருள். துண்டு பெயர்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும். பின்னாளில் முட்டி திடீர் திடீரென்று மாட்டிக்கொள்வதும் அதே துண்டின் அடையாளம்தான். உங்கள் மகளுக்கு ஸ்கேனில் துண்டு இல்லை என்பது பெரிய நிம்மதி. பெயர்ந்த துண்டு இருந்தால் முதல் தடவையிலேயே அறுவை சிகிச்சை தேவைப்படும். எண்ணெய் போட்டு நீவிவிடுவதும், இறுக்கிக் கட்டுப் போடுவதும் மட்டும் கூடவே கூடாது. ரத்தம் கட்டிய முட்டியை நீவினால் வீக்கம் கூடும், கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் குறையும்.

சரி, பிரேஸ். இந்த நீளமான பிரேஸின் வேலை முதல் சில நாட்களின் வலியையும் வீக்கத்தையும் அடக்குவது. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம் போதும். அதற்கு மேல் போனால் லாபத்தைவிட நஷ்டம் அதிகம்: முட்டி விறைத்துப்போகும், தொடைத் தசை கரைந்துபோகும். உங்கள் மகளுக்கு அது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஒரு அளவுநாடா எடுத்து, இரண்டு கால்களிலும் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தொடைச் சுற்றளவை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை அளந்தால் வித்தியாசம் குறைகிறதா என்று தெரியும். மூன்று வாரம் ஆகிவிட்டதால், பிரேஸைக் கழற்றி முட்டியை மடக்கத் தொடங்கலாமா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்து மருந்துக் கடைக்காரர் ஒரு நீ கேப்பை நீட்டுவார். இழுத்து மாட்டும் அந்த வெறும் எலாஸ்டிக் உறை முட்டிக்குக் கதகதப்பாக இருக்கும், அவ்வளவுதான். சில்லுக்கென்றே உள்ள பிரேஸில் முன்பக்கம் வட்டமாக ஒரு ஓட்டை இருக்கும், அதன் வெளிப்பக்க ஓரத்தில் வளைந்த தடித்த பட்டை ஒன்று சில்லுக்கு அணைப்பாக நிற்கும். அந்தப் பட்டை கட்டாயம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வலது காலுக்கானதை இடது காலில் மாட்டிக்கொண்டு, பட்டை உள்பக்கம் இருக்க நடந்து வருகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். சரியாகப் போட்டாலும் இது மறுபடி நழுவுவதைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. விளையாட்டுக்குத் திரும்பும் முதல் சில மாதங்களில் ஒரு தைரியத்துக்குப் போடலாம், வீட்டில் கழற்றிவிடலாம்.

உண்மையான வேலை தசையில்தான் இருக்கிறது. இன்றைக்கே தொடங்கக்கூடியது இது: கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்து, முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விட வேண்டும், பத்து முறை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. சரியாகச் செய்தால் சில்லு தொடைப் பக்கமாக மேலே நகர்வது கண்ணுக்குத் தெரியும், குதிகாலும் லேசாக எழும்பும். அப்புறம், முட்டியை நேராக வைத்துக் காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது முட்டி சற்றே மடங்கித் தொங்கினால் தொடைத் தசை இன்னும் விழிக்கவில்லை என்று அர்த்தம். அது நேராக நிற்கும் வரை ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவிட வேண்டாம்.

தொடையை மட்டும் பலப்படுத்திவிட்டு இடுப்பை விட்டுவிடுவது பலர் செய்கிற தவறு. இடுப்பின் பக்கவாட்டுத் தசை தளர்ந்திருந்தால், ஒற்றைக் காலில் நிற்கும்போது தொடை உள்பக்கம் திரும்பி முட்டி உள்ளே சரியும். சில்லு நழுவுவதற்கு அதுவே தோதான நிலை. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கும் பயிற்சி இதற்குத்தான். ஆறு வாரம் வாக்கில், வலியும் வீக்கமும் இல்லையென்றால், கண்ணாடி முன் ஒரு தாழ்ந்த படியில் நிற்கவைத்து, நல்ல காலை மெதுவாகக் கீழே இறக்கச் சொல்லுங்கள். படியில் ஊன்றிய காலின் முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே போக வேண்டும். கட்டைவிரலையும் தாண்டி உள்ளே போனால் படியின் உயரத்தைக் குறைத்து, பழையபடி இடுப்புப் பயிற்சி. இதை மட்டும் ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. அதுவரை குத்தவைத்து உட்காருவதும், சம்மணமிட்டுவிட்டுச் சட்டென்று திரும்பி எழுவதும் வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால் அதையே பயன்படுத்தட்டும். பயிற்சிகளை இரண்டு காலுக்கும் செய்யவையுங்கள், மற்ற முட்டியிலும் பள்ளம் இதேபோல் இருக்க வாய்ப்பு அதிகம்.

விளையாட்டுக்குத் திரும்ப பொதுவாக மூன்று, நான்கு மாதம் ஆகும். ஆனால் காலண்டரைப் பார்த்து அனுப்பாதீர்கள். முட்டியில் வீக்கம் இருக்கக் கூடாது, முழுதாக மடங்கி நீள வேண்டும், ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். சில்லை வெளிப்பக்கமாக லேசாகத் தொட்டாலே அவள் பதறிக் கையைத் தட்டிவிடுகிறாள் என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை.

இத்தனை செய்தும் நழுவலாம். தசையைப் பலப்படுத்தலாம், பள்ளத்தை ஆழமாக்க எந்தப் பயிற்சியாலும் முடியாது. இரண்டாவது தடவை நழுவினால், "இன்னும் கொஞ்சம் பிசியோதெரபி பார்ப்போம்" என்று வருடக்கணக்கில் இழுக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் குருத்தெலும்பு தேய்கிறது. தொடையின் பின்பக்கத் தசைநாண் ஒன்றை எடுத்து அந்த உள்பக்க லிகமென்ட்டைப் புதிதாக அமைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. வளர்ச்சித் தட்டு மூடாத பிள்ளைக்கும் அதைத் தட்டைத் தொடாமல் செய்கிறார்கள். கால் எலும்பை வெட்டி நகர்த்தும் வகை அறுவை சிகிச்சைக்குத்தான் தட்டு மூடும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஒன்றும் உண்டு. கால்களைச் சேர்த்து நிற்கும்போது முட்டிகள் இடித்துக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்கின்றனவா என்று பாருங்கள். அந்த வளைவு அதிகமாக இருந்தால், வளர்ச்சித் தட்டின் ஒரு பக்கத்தில் சிறு தகடு பொருத்தி, எலும்பு வளர வளரத் தானே நேராகும்படி செய்ய முடியும். ஆனால் வளர்ச்சி மிச்சம் இருக்கும்போதுதான் அது பலிக்கும். பெண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலேயே தட்டு மூடத் தொடங்கிவிடும். ஆகவே காலின் வளைவையும், சில்லு வழக்கத்தைவிட உயரத்தில் நிற்கிறதா என்பதையும் அடுத்த வருடத்துக்குத் தள்ளாமல், பிரேஸைக் கழற்றப் போகும் அன்றே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.