டேட்டா அறுந்தாலும் ஆர்டர் நிற்கக் கூடாது: கேள்வி பதில்

என் டிரேடிங் பாட்டில் டேட்டா, சிக்னல், ஆர்டர் மூன்றும் ஒரே பைத்தான் லூப்பில் ஓடுகிறது. வெப்சாக்கெட் அறுந்தால் கையில் இருக்கும் பொசிஷனைக்கூட மூட முடியவில்லை. எங்கே பிரிப்பது?

முதலில் ஆர்டரைத் தனி புராசஸாக்குங்கள். அதற்கு விலையும் தெரிய வேண்டாம், ஸ்ட்ராட்டஜியும் தெரிய வேண்டாம். `signals` என்ற ரெடிஸ் ஸ்ட்ரீமில் வருவதை எடுத்து அனுப்பினால் போதும். அப்புறம் டேட்டா செத்துக் கிடக்கும்போதும் நீங்களே கையால் ஒரு வரி தட்டி வெளியேறலாம்:

```
XADD signals * id T42-exit symbol INFY side SELL qty 100
```

ரெடிஸ் பப்-சப் போதுமே? அதுதான் சுலபம்.

டிக்குகளுக்குச் சரி, ஒன்று தவறினால் அடுத்தது வந்துவிடும். சிக்னலுக்கு ஆகாது. கேட்கிற புராசஸ் விழுந்திருக்கும் நேரத்தில் அனுப்பியது போனது போனதுதான். ஸ்ட்ரீமில் அது காத்திருக்கும்.

நான் ஸ்ட்ரீமுக்கு மாறிவிட்டேன். ஆர்டர் புராசஸ் விழுந்து எழுந்ததும் அதே ஆர்டர் இன்னொரு முறை போய்விட்டது. ரெடிஸில் பிழையா?

பிழை இல்லை. எனக்கும் இதேபோல் 100 பங்கு 200 ஆகியிருக்கிறது. ஆர்டர் புரோக்கரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. `XACK` அடிப்பதற்குள் புராசஸ் விழுந்தது. ரெடிஸைப் பொறுத்தவரை அந்தச் செய்தி இன்னும் முடியவில்லை. எழுந்ததும் நிலுவையில் இருந்ததைக் கேட்டேன், கிடைத்ததை அப்படியே அனுப்பிவிட்டேன்.

```
XREADGROUP GROUP orders w1 STREAMS signals 0
```

`XACK`-ஐ முன்னால் அடித்தால் இரட்டிப்பு போகும், ஆனால் ஆர்டரே போகாமல் தொலையலாம். அதனால் அது கடைசியில்தான் இருக்க வேண்டும். சிக்னல் புராசஸே ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐடி வைக்கட்டும், அதே ஐடி ஆர்டரோடு புரோக்கருக்கும் போகட்டும். மறுபடி எழும்போது நிலுவையில் உள்ள ஒவ்வொரு ஐடியையும் புரோக்கரின் ஆர்டர் பட்டியலில் தேடுங்கள். இருந்தால் `XACK` மட்டும். பட்டியல் சில நொடி பிந்தி வரக்கூடும், ஒரு முறை பார்த்து இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அனுப்பாமல் அலாரம் அடிக்கவிடுங்கள்.

பத்து நிமிடம் நின்று எழுந்தால் பழைய சிக்னல் எல்லாம் வரிசையாக ஓடிவிடாதா?

ஓடிவிடும். வாங்கும் சிக்னலுக்கு ஆயுள் வையுங்கள். ஒரு நிமிட கேண்டிலில் ஓடும் ஸ்ட்ராட்டஜிக்கு நான் 5 நொடி வைத்திருக்கிறேன். தாண்டினால் `XACK` அடித்துத் தூக்கிப் போடுகிறேன். வெளியேறும் சிக்னலை மட்டும் தூக்கிப் போடுவதில்லை. ஆனால் விற்பதற்கு முன் பொசிஷன் உண்மையிலேயே இருக்கிறதா என்று புரோக்கரிடம் கேட்கிறேன். இல்லாததை விற்றால் ஷார்ட் ஆகிவிடும்.

அப்படியானால் டேட்டா நின்றதும் எல்லாவற்றையும் தானாக மூடிவிடலாமே?

எனக்கு மனம் ஒப்பவில்லை. பெரும்பாலான அறுதல் சில நொடிகளில் சேர்ந்துவிடும். அதற்குள் மூடினால் வீண் நஷ்டம். ஸ்டாப்-லாஸை புரோக்கரிடமே போட்டு வைத்துவிட்டு, டேட்டா புராசஸ் நொடிக்கொரு முறை ஒரு துடிப்பு அனுப்பும்படி செய்திருக்கிறேன். துடிப்பு வந்து டிக் வராவிட்டால் சந்தை அமைதியாக இருக்கலாம், ஃபீடே செத்திருக்கவும் செய்யலாம். எத்தனை நொடி பொறுப்பது என்று இன்னும் ஒரு எண்ணில் நிற்க முடியவில்லை.