தம்பி கூடக் கட்டிய 30,000 யார் கணக்கில் சேரும்?

கேள்வி: செக்கானூரணியில் இருக்கும் அம்மா வீட்டை எடுத்துக் கட்ட நானும் தம்பியும் சேர்ந்து 6 லட்சம் கடன் வாங்கினோம். ஆளுக்குப் பாதி என்பது பேச்சு. மாறும் வட்டி, இப்போது 12 சதவீதம். ஐந்து வருடம், மாதத் தவணை 13,350. நான் திருமங்கலத்தில் மாதச் சம்பளத்தில் இருக்கிறேன். தம்பிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. சித்திரையில் முதல் தவணை கட்டினோம். வைகாசியில் முகூர்த்தம் அதிகம் என்பதால் தவணையோடு 30,000 கூடக் கட்டினான். தவணை மாறவில்லை, மாதங்கள்தான் குறைந்தன. ஆடியில் கை இறுக்கம் என்று அவன் கட்டவில்லை, முழுத் தவணையும் நானே கட்டினேன். இப்போது "நான் கூடக் கட்டினதில் பாதி நீ தரணும்" என்கிறான். என் வீட்டுக்காரரோ "அவன் 30,000 கட்டிட்டான், நீ 6,675 கூடக் கட்டிட்டே, கழிச்சுக்கோ" என்கிறார். எது நியாயம்?
– ஒரு அக்கா, திருமங்கலம்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படியே செய்தால் ஒருவருக்கு நஷ்டம் வரும். நிதி நிறுவனத்துக்கு இது ஒரே கடன். உங்கள் இருவருக்குள் மட்டும் இதை இரண்டு கடனாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் தம்பி. இரண்டு பக்கமும் 3,00,000-ல் ஆரம்பிக்கட்டும். மாதா மாதம் அவரவர் நிலுவைக்கு அவரவர் வட்டியைக் கூட்டுங்கள், அவரவர் கட்டியதைக் கழியுங்கள். வட்டி வருடத்துக்கு 12 என்றால் மாதத்துக்கு ஒரு சதவீதம்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். சித்திரையில் ஆளுக்கு வட்டி 3,000. ஆளுக்கு 6,675 கட்டினீர்கள், அதனால் அசலில் 3,675 குறைந்தது. நிலுவை ஆளுக்கு 2,96,325. வைகாசியில் அதே மாதிரி கட்டி ஆளுக்கு 2,92,613 ஆனது. அப்புறம் தம்பியின் 30,000. அது முழுக்க அவர் பக்கத்தில்தான் கழியும். அவர் நிலுவை 2,62,613, உங்களுடையது மாறாது.

ஆனியில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். இருவரும் அதே 6,675 கட்டுகிறீர்கள். உங்கள் பக்கத்தில் வட்டி 2,926, அவர் பக்கத்தில் 2,626. அந்த 300 ரூபாய்தான் அவர் கூடக் கட்டியதன் பலன். அது ஒவ்வொரு மாதமும் அவர் பக்கத்திலேயே சேர்ந்துகொண்டு வரும். ஆனி முடிவில் நீங்கள் 2,88,864, தம்பி 2,58,564.

ஆடியில் 13,350-ஐயும் நீங்களே கட்டினீர்கள். அதை முழுக்க உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். தம்பி பக்கத்தில் கட்டியது பூஜ்யம், வட்டி மட்டும் ஏறும். உங்கள் நிலுவை 2,78,403 ஆகிறது. அவருடையது 2,586 ஏறி 2,61,150 ஆகிறது. இதற்குத் தனியாகக் கைமாற்றுக் கணக்கு எதுவும் வேண்டாம். அவருக்காக நீங்கள் போட்ட 6,675-க்குக் கடன் வட்டி எவ்வளவோ அதுவே உங்களுக்கு மிச்சமாகிறது, அவருக்குச் செலவாகிறது. அக்கா தம்பிக்குள் வட்டியா என்று சங்கடப்பட வேண்டாம். நீங்கள் அவரிடம் வட்டி வாங்கவில்லை. நிதி நிறுவனத்துக்குப் போகும் வட்டியில் யார் பங்கு எவ்வளவு என்றுதான் பிரிக்கிறோம்.

கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ள ஒரே சோதனை போதும். இரண்டு பக்க நிலுவையையும் கூட்டினால் கடன் ஸ்டேட்மெண்டில் இருக்கும் அசல் நிலுவை வர வேண்டும். மேலே உள்ளதில் ஆடி முடிவில் 5,39,553. ஒன்றிரண்டு ரூபாய் வித்தியாசம் முழு ரூபாயாக்குவதால் வருவது, விட்டுவிடலாம். நூற்றுக்கணக்கில் வந்தால் எங்கோ ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது தேதி வித்தியாசம். தவணை நாளுக்கு முன்போ பின்போ கூடுதல் பணம் கட்டினால், பல நிறுவனங்கள் நாள் கணக்கில் வட்டி போடும். 30,000-க்கு அது நாளுக்குச் சுமார் 10 ரூபாய். அந்த வித்தியாசம் பணம் கட்டியவர் பக்கத்துக்கே போகும். வட்டி விகிதம் மாறினால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நாளில் புது விகிதத்தைப் போடுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் சொன்ன "கழிச்சுக்கோ" கணக்கு. அதில் காலம் இல்லை. ஆடித் தவணையை ஒதுக்கிவைத்துப் பார்த்தால், தம்பி இரண்டாம் மாதம் கட்டிய 30,000 அவருக்குக் கடைசி வரை சுமார் 21,600 ரூபாய் வட்டியை மிச்சப்படுத்தும். அதே 30,000-ஐ 48-ஆம் மாதம் கட்டியிருந்தால் மிச்சம் சுமார் 3,100 மட்டும். யார் மொத்தம் எவ்வளவு கட்டினார்கள் என்று கடைசியில் கூட்டிக் கழித்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். முன்னால் கட்டியவருக்கு அநியாயம் செய்தது போலாகும்.

தம்பி கேட்கும் பாதி? நீங்கள் மனமுவந்து 15,000 கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் வைகாசிக் கூடுதலை ஆளுக்கு 15,000 என்று இரண்டு பக்கத்திலும் எழுத வேண்டும், ஆனி, ஆடிக் கணக்கையும் திருத்த வேண்டும். நீங்கள் இப்போது தருவதால் இடையில் போன மாதங்களின் வட்டியையும் அவருக்குச் சேர்த்துத் தருவதுதான் சரி, மாதத்துக்கு 150 ரூபாய். ஆனால் நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் கேட்க முடியாது. அந்த 30,000-ன் பலன் முழுவதும் ஏற்கெனவே அவர் பக்கத்தில் இருக்கிறது. 15,000-ஐயும் வாங்கிக்கொண்டு முழுப் பலனையும் வைத்துக்கொண்டால் அது இரண்டு முறை வாங்குவது.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் மனஸ்தாபம் வருவது அதில்தான். தவணை அதே 13,350, மாதங்கள்தான் குறைந்தன என்கிறீர்கள். இப்படியே ஆளுக்கு 6,675 கட்டிப் போனால், ஆடி மாதம் போல எதுவும் குறுக்கே வராத பட்சத்தில், 53-ஆம் மாதம் தம்பியின் பங்கு முடிந்துவிடும். உங்கள் பக்கத்தில் அப்போது சுமார் 45,000 நிற்கும். நிதி நிறுவனத்துக்கு அது தெரியாது, மாதம் 13,350 கேட்டுக்கொண்டே இருக்கும். அப்போது முழுத் தவணையும் நீங்கள் கட்ட வேண்டும், அல்லது கடன் முடிந்துபோன தம்பி உங்களுக்காகக் கட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரருக்குத் தவணை திடீரென இரட்டிப்பாவது சின்ன விஷயம் இல்லை.

இதைத் தவிர்க்க, கூடுதல் பணம் கட்டும்போதே மாதங்களைக் குறைக்காமல் தவணையைக் குறைத்துத் தரும்படி எழுதிக் கேளுங்கள். வைகாசியில் அப்படிக் கேட்டிருந்தால் மீதி 58 மாதத்துக்குப் புதுத் தவணை சுமார் 12,662 ஆகியிருக்கும், 688 குறைவு. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். புதுத் தவணையை மறுபடி பாதிப் பாதியாக, ஆளுக்கு 6,331 என்று பிரித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்களுக்காகத் தம்பி மாதா மாதம் 344 ரூபாய் கட்டுகிறார், இருவருக்குமே அது தெரியாது. குறைந்த 688-ம் தம்பியின் பணத்தால் குறைந்தது. நீங்கள் பழையபடி 6,675, அவர் 5,987. அப்போது இருவர் பங்கும் ஒரே சமயத்தில் முடியும். ஏற்கெனவே மாதங்களைக் குறைத்துவிட்டார்கள் என்றாலும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், செய்து தரும் நிறுவனங்கள் உண்டு. மறுத்தால் தை முகூர்த்தத்தில் தம்பி அடுத்த முறை கூடுதலாகக் கட்டும்போது கேளுங்கள். ஆனால் தம்பிக்குச் சீக்கிரம் கடனிலிருந்து விடுபடவே ஆசை என்றால், தவணை குறைந்த பிறகும் அவர் தன் பங்குக்குக் கூடக் கட்டிக்கொண்டு போகலாம், அதையும் அவர் பக்கத்தில் எழுதுங்கள்.

ஸ்டேட்மெண்டை எடுத்து வைகாசியில் அசல் நிலுவை தவணைக் குறைவோடு சேர்த்து முழு 30,000-ம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு மாதங்கள் குறைந்திருப்பதால் சேர்ந்திருக்கும் என்றே தோன்றுகிறது. சில இடங்களில் பார்ட் பேமெண்ட் என்று சொல்லாமல் கட்டும் பணம் அசலில் சேராமல், அடுத்த தவணைக்கான முன்பணமாகச் சும்மா கிடக்கும். அதற்கு வட்டி மிச்சம் ஒரு ரூபாய்கூட வராது. இதே காரணத்தால்தான் "வைகாசியில் முப்பதாயிரம் கட்டிட்டேன், ஆடிக்கு விட்டுடு" என்று தம்பி சொன்னாலும் செல்லாது. அசலில் சேர்ந்த பணம் அடுத்த மாதத் தவணைக்கு ஈடாகாது. தவணை நாளன்று யாராவது ரொக்கம் கொண்டுவந்தே ஆக வேண்டும்.

கூடுதலாகக் கட்டியதற்கு அபராதம் போட்டிருந்தால் கேளுங்கள். தொழிலுக்காக இல்லாமல் தனிநபர் வாங்கும் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டும்போது கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே சொல்லியிருக்கிறது. நிலையான வட்டிக் கடனில் கட்டணம் இருக்கலாம். அப்படி வந்தால் அது கூடக் கட்டியவர் பக்கத்துச் செலவு, ஏனென்றால் மிச்சமும் அவருக்குத்தான். தாமதக் கட்டணமோ செக் திரும்பிய கட்டணமோ வந்தால் யார் பங்கு வராமல் போனதோ அவர் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த நோட்டு உங்கள் இருவருக்கும் மட்டும்தான். ஒருவர் கட்டாவிட்டால் முழுக் கடனையும் மற்றவரிடம் கேட்க நிதி நிறுவனத்துக்கு உரிமை உண்டு, சிபில் அறிக்கையிலும் இருவர் பெயரிலும் பதிவாகும். அதனால் பங்கு பாதிப் பாதி, கூடக் கட்டுவது கட்டியவர் பக்கம், ஒருவர் கட்ட முடியாத மாதம் இன்ன தேதிக்குள் மற்றவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தவணை ஐந்தாம் தேதி என்றால் முதல் தேதியே தெரிந்தாக வேண்டும். ஆவணித் தவணையிலிருந்து எழுத ஆரம்பியுங்கள்: உங்கள் பக்கத்தில் 2,78,403, தம்பி பக்கத்தில் 2,61,150.