மதிப்பெண் இல்லாத கட்டாயம்

கேள்வி: விளையாட்டு, மன்றம், கலை எல்லாம் பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்தால் என்ன குறை?

வெளியே இருப்பவற்றின் நேரத்துக்குப் பாதுகாப்பில்லை. பொதுத்தேர்வு நெருங்கினால் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நம் பள்ளிகளில் பழகிப்போன ஒன்று. அந்த நேரத்தைக் காக்க இவற்றுக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை; கட்டாயமாக்கினால் போதும். பல நாடுகளின் பள்ளிகளில் நடக்கும், மேல்நிலை வகுப்புகளுக்கு இணையான சர்வதேச பாக்கலோரியேட் டிப்ளமோ படிப்பில் படைப்பு, உடலியக்கம், சேவை ஆகியவற்றுக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆனால் அவற்றைக் குறைந்தது 18 மாதங்கள் தொடர்ந்து செய்து முடிக்காதவருக்கு, மற்ற பாடங்களில் எவ்வளவு எடுத்திருந்தாலும், டிப்ளமோ கிடைக்காது. நாடகம் போடும் மாணவர், ஒத்திகையில் எது சரிவரவில்லை, எதை மாற்றினோம் என்று அவ்வப்போது குறிப்பும் எழுதி வைக்க வேண்டும். ஏற்பாட்டின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது: கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதப்பட்ட குறிப்புகள் தடுமாற்றம் எதுவுமின்றி ஒரே தொனியில் இருக்கும், இவற்றைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் இடையிடையே மாணவரை அழைத்துப் பேசினால்தான் அவர் எழுதாமல் விட்டிருப்பது முன்கூட்டியே தெரியவரும்.