டோட்டோ: பாதிக்குப் பாதி வாய்ப்புக்கு எத்தனை சீட்டு?

"வாரம் பத்து வெள்ளிக்கு டோட்டோ எடுக்கிறேன். முதல் பரிசுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வர எத்தனை சீட்டு வேண்டும்?"

சிங்கப்பூர் டோட்டோ லாட்டரியில் 49 எண்களில் 6 எண்களை 1,39,83,816 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே குலுக்கலில், ஒன்றுபோல் மற்றொன்று இல்லாமல், அதில் சரிபாதியை எடுத்தால் போதும்: 69,91,908 சீட்டு. ஒன்றுக்கு ஒரு வெள்ளி வீதம் ஏறக்குறைய 70 லட்சம் வெள்ளி. இயந்திரமே எண்களைத் தேர்ந்தெடுக்கும் 'குவிக் பிக்' என்றால் இதுவும் போதாது. எண்கள் திரும்பத் திரும்ப வரும் என்பதால் வாய்ப்பு 39 விழுக்காட்டில் நின்றுவிடும். பாதியைத் தொட ஏறக்குறைய 97 லட்சம் சீட்டு வேண்டும்.

சரி, பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஒரு சீட்டு வாங்கினாலும் 70 லட்சத்துக்கு ஏறக்குறைய 81 நாள் ஆகும். குலுக்கல் நடக்கும் திங்களுக்கும் வியாழனுக்கும் நடுவே மூன்று நாள்தான்! அப்புறம், வேறு யாருக்கும் அதே எண்கள் விழுந்தால் பரிசைப் பங்கு போட வேண்டும். முதல் பரிசோ பல சமயம் 10 லட்சத்தைச் சுற்றியே இருக்கும்.

உங்கள் கணக்குக்கு வருவோம். வாரம் பத்து என்றால் ஆண்டுக்கு 520 சீட்டு. வெவ்வேறு குலுக்கல்களில் எடுப்பதால் இங்கும் 97 லட்சம் சீட்டுக் கணக்குதான்; பாதி வாய்ப்பை எட்ட 18,600 ஆண்டுக்கு மேல் ஆகும்.